கண் முகாம் வண்டிப் பொறுப்புல இருந்து 16 நாள் இருக்கறப்போ விலகினது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை தாண்டி சுமார் 35 கிலோமீட்டர் போனா மன்னவனூர் வரும், அதுக்கும் அந்தப்பக்கம் கவுஞ்சி, பூண்டி, போளூர், கிளாவரை. எல்லாம் பூண்டும் உருளையும் கேரட்டும் போடற ஊருங்க. பஸ் குறைவு, அதுலயும் வயசானவங்க தனியா ஏறி இறங்கறது கஷ்டம், அதனால கண்ணுல புரை விழுந்தாலும் "அடுத்த அறுவடை முடியட்டும்"னு தள்ளிப்போட்டுட்டே இருப்பாங்க. இவங்களுக்காகத்தான் ஒரு சின்னக் குழுவா சேர்ந்து வருஷத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மன்னவனூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல இலவச கண் முகாம் போடறோம். கீழ இருந்து ஒரு ஆஸ்பத்திரி டீம் வந்து பார்க்கும், ஆபரேஷன் தேவைப்படறவங்கள அன்னைக்கே அவங்க பஸ்லயே கூட்டிட்டுப்போய், மறுநாள் ஆபரேஷன் பண்ணி, அதுக்கடுத்த நாள் திரும்பக் கொண்டுவந்து விடும்.

எனக்கு பூம்பாறையில பூண்டு வாங்கி விக்கிற கடை. வடுகபட்டி சந்தைக்கு லோடு ஏத்தறதால இந்தப் பக்கம் ஓடுற ஜீப்காரங்க எல்லாரையும் தெரியும், அந்த ஒரே காரணத்துக்காக மூணு வருஷமா முகாமோட வண்டிப் பொறுப்பு என்கிட்ட இருந்துச்சு. நாலு ஊர்லயும் யார் யார் வரப்போறாங்கன்னு லிஸ்ட் எடுக்கணும், நாலு ஜீப் பேசணும், முகாம் அன்னைக்கு காலையில 7 மணிக்குள்ள முதல் நடை கிளம்பணும், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடணும். அந்த வருஷ லிஸ்ட்ல 74 பேர். எழுதி வெச்ச ஒப்பந்தம்னு எதுவுமே கிடையாது, எல்லாம் டீக்கடையில வாய்ப்பேச்சு.

என்ன ஆச்சு

முகாமுக்கு 19 நாள் இருக்கறப்போ, ஒரு செவ்வாய்க்கிழமை, பெரியகுளத்துல இருக்கற எங்க அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு முறிவு. வியாழக்கிழமை ஆபரேஷன். ஒன்றரை மாசத்துக்கு பக்கத்துல ஆள் இருந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, தங்கச்சிக்கு கைக்குழந்தை, அம்மா இல்ல, அதனால நான்தான்.

செவ்வாய்க்கிழமை ராத்திரியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, முகாமுக்கு நான் இருக்க முடியாதுன்னு. ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. எங்க குழுவ நடத்தறவர் ரிட்டயர்டு வாத்தியாரு, சார்னுதான் கூப்பிடுவோம், அவர் அந்த மூணு நாள்ல ரெண்டு தடவை போன் பண்ணி லிஸ்ட் முடிஞ்சுதான்னு கேட்டாரு, ரெண்டு தடவையும் "பார்த்துக்கலாம் சார்"னு சொன்னேன். பொய் சொல்லணும்னு இல்ல, அப்பாவுக்கு சீக்கிரம் சரியாகிடும், எப்படியாவது ஓடியாந்துடலாம்னு ஒரு நெனப்பு. ஆனா அந்த "பார்த்துக்கலாம்"ங்கற வார்த்தைய அவர் "ஆள் இருக்கு"ன்னுதான் எடுத்துப்பாரு, வேற எப்படி எடுத்துக்க முடியும், அதனால அந்த மூணு நாளும் அவர் வேற ஆள் தேடறதுக்கான நாள், நான்தான் எடுத்துக்கிட்டேன்.

என்கிட்ட என்ன மாட்டிட்டு இருந்துச்சுன்னு பார்த்தது

வியாழக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து, நான் இல்லன்னா எது எது நிக்கும்னு பில் புக்கோட பின்பக்கத்துல எழுதுனேன். முதல்ல தோணுனது எல்லாம் வேலைங்க, ஆள ஏத்தறது, இறக்கறது, டீ வாங்கிக் கொடுக்கறது. அதெல்லாம் யார் வேணா செய்வாங்க. எழுத எழுதத்தான் தெரிஞ்சுது, உண்மையில நிக்கப்போறது என் பேர்ல இருக்கற விஷயங்கதான்னு.

நாலு ஜீப்காரங்களும் முகாமுக்கு வரேன்னு சொல்லல, "உனக்காக வரேன்"னு சொல்லியிருந்தாங்க. அட்வான்ஸ் எதுவும் கொடுக்கல. நான் இல்லன்னு தெரிஞ்சா, அன்னைக்கு பூண்டு லோடு ஒண்ணு வந்தா அதுக்குப் போயிடுவாங்க, அதுல அவங்க மேல தப்பும் இல்ல.

அப்புறம் லிஸ்ட் நோட்டு. அதுல பேருக்குப் பக்கத்துல வட்டம் போட்டிருந்தா கைய புடிச்சு ஏத்தணும், "மா"ன்னு இருந்தா சுகர் பிரஷர் மாத்திரைய எடுத்துட்டு வரச் சொல்லணும், ஒரு கோடு இருந்தா ஆதார் நகல் இன்னும் வாங்கல. இதெல்லாம் எனக்கு மட்டும் புரியற குறி.

எல்லாத்தையும் விட பெருசு போன் நம்பர். 74 பேர்ல 31 பேருக்கு சொந்த போன் கிடையாது, புள்ளைங்க திருப்பூர்லயோ கோயம்புத்தூர்லயோ இருப்பாங்க, இல்ல ஊர்ல டவர் கிடைக்காது. அந்த 31 பேருக்கும் தொடர்பு நம்பர் கட்டத்துல என் நம்பரையே எழுதி வெச்சிருந்தேன். அதாவது ஆஸ்பத்திரியில இருந்து "இந்த அம்மாவுக்கு சுகர் ஜாஸ்தி, வீட்டுக்குச் சொல்லுங்க"ன்னு போன் வந்தா அது எனக்குத்தான் வரும், நான் எங்க இருந்தாலும்.

எடுத்த முடிவு, ஏன்

மூணு வழி யோசிச்சேன். பொறுப்ப விடாம பெரியகுளத்துல இருந்தே போன்ல நடத்தலாம்ங்கறது முதல் வழி. ரொம்ப இழுத்துச்சு, ஏன்னா யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு கிளாவரையில ஒரு ஜீப் ஸ்டார்ட் ஆகலன்னா டிரைவர் எனக்கு அடிப்பாரு, நான் அந்நேரம் அப்பாவ பெட்ல இருந்து தூக்கிட்டு இருப்பேன், போன் எடுக்க மாட்டேன், அங்க பத்து வயசானவங்க ரோட்டுல பனியில நிப்பாங்க. பாதி இருக்கறதுல இன்னொரு கெடுதல், நான் இருக்கேன்னு சார் நம்பிட்டு இருக்கற வரைக்கும் அந்த இடத்துக்கு வேற ஆள் வரமாட்டாங்க.

ரெண்டாவது, மச்சானக் கூப்பிட்டு சத்தமில்லாம அவன்கிட்ட கொடுத்துடறது. அவன் நல்லவன்தான், ஆனா அவனுக்கு சாரையும் தெரியாது, சாருக்கு அவனையும் தெரியாது, ஏதாவது ஆச்சுன்னா யார் யாருக்குப் பதில் சொல்றது. என் எடத்துக்கு யாருங்கறத முடிவு பண்ண வேண்டியது நான் இல்ல.

அதனால மூணாவது, முழுசா விலகறது, ஆனா ஒரு தேதி வரைக்கும் ஒப்படைக்கற வேலைய மட்டும் செய்யறது. வெள்ளிக்கிழமை காலையில முதல்ல போன் பண்ணி சார்கிட்ட பேசுனேன், பேசி முடிச்ச உடனே அதையே எழுத்துலயும் அனுப்புனேன், ஏன்னா போன்ல கேட்டது அதிர்ச்சியில பாதி மறந்துபோகும். அனுப்புனது இதுதான்:

"சார், அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு, ஒன்றரை மாசம் கூடவே இருக்கணும். முகாம் அன்னைக்கும் அதுக்கு அப்புறமும் என்னால வர முடியாது, வண்டிப் பொறுப்ப வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுங்க. அடுத்த வியாழக்கிழமை ஒரு நாள் மேல வரேன், நீங்க சொல்ற ஆளக் கூட்டிட்டு நாலு ஊரும் போய் ஜீப்காரங்க, லிஸ்ட்ல இருக்கறவங்க எல்லாரையும் காமிச்சுக் கொடுத்துடறேன். டீசலுக்குன்னு நீங்க கொடுத்த 3,000 ரூபாயில 1,150 செலவு, பில் இருக்கு, மீதி 1,850 அன்னைக்குக் கொடுத்துடறேன். கவுஞ்சி மகளிர் குழு அக்கா, பூண்டி ஜீப் அண்ணன், பால் சொசைட்டி தம்பி, இந்த மூணு பேருக்கும் இந்த வேலை தெரியும், முடிவு உங்களோடது."

போன்ல சார் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அப்புறம், "அப்பாவ நல்லா பார்த்துக்கப்பா. ஆனா அந்த கிளாவரைய மட்டுமாவது நீ பார்த்துக்க முடியுமா, அது தூரம், அந்த ஆளுங்க உன்னைத்தான் நம்புவாங்க"ன்னாரு. சரின்னு சொல்ல வாய் வந்துடுச்சு. ஆனா கிளாவரைதான் அதிக சிக்கல் உள்ள ஊர், அதையே போன்ல பார்த்துக்கறேன்னு சொன்னா நான் மேல எழுதுன முதல் வழிதான் திரும்ப வருது. "முடியாது சார், வியாழக்கிழமை முதல்ல கிளாவரைக்கே போறோம்"னு சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், குரல்ல தெரிஞ்சுது.

முகாம் வாட்ஸ்அப் குரூப்ல நான் எதுவும் போடல, வேணும்னேதான். அதுல ஜீப்காரங்களும் ஊர்க்காரங்களும் இருக்காங்க, புது ஆள் யாருன்னு முடிவாகறதுக்கு முன்னாடி "நான் விலகுறேன்"னு போட்டா முகாமே இல்லன்னு கதை கிளம்பிடும். ஆனா என் கடைப் பையன்கிட்ட நான் எதையும் சொல்லி வைக்கல, அவன் ஒரு ஜீப்காரர்கிட்ட "அண்ணன் இந்த வருஷம் இல்ல"ன்னு சொல்லிட்டான், ரெண்டு நாள்ல போளூர்ல "கேம்ப் இல்லையாமே"ன்னு பேச்சாயிடுச்சு. சார் ரேஷன் கடையில சொல்லிவிட்டு, தேதிய ஒரு அட்டையில எழுதி மாட்டி அத அடக்க வேண்டியதாப் போச்சு.

ஒப்படைச்ச நாள்

சார் கவுஞ்சி அக்காவத் தேர்ந்தெடுத்தாரு. மகளிர் குழு கணக்கு எழுதறவங்க, நாலு ஊர்லயும் சொந்தபந்தம் உண்டு. வியாழக்கிழமை, அதாவது முகாமுக்கு 10 நாள் முன்னாடி, தங்கச்சிய அப்பாகிட்ட உக்கார வெச்சுட்டு விடியறதுக்கு முன்னாடி கிளம்பி மேல வந்தேன். அக்காவும் நானும் ஒரே ஜீப்ல கிளாவரையில ஆரம்பிச்சு போளூர், பூண்டி, கவுஞ்சின்னு வந்தோம்.

ஜீப்காரங்ககிட்ட நான் பேசுனது கம்மி. "இனிமே அக்காதான், இவங்க நம்பர இப்பவே போன்ல போட்டுக்கங்க"ன்னு சொல்லிட்டு, அவங்க போட்டுக்கற வரைக்கும் நின்னு, அக்காவ ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். அக்கா என்னை விட கெட்டி, ஒவ்வொருத்தர்கிட்டயும் "அன்னைக்கு லோடு வந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னு நேராக் கேட்டாங்க. ஒருத்தர் தயங்குனாரு. உடனே மீதி 1,850ல இருந்து ஆளுக்கு 300 அட்வான்ஸ் கொடுத்து நோட்டுல கையெழுத்து வாங்கிட்டாங்க. மூணு வருஷத்துல எனக்கு இது தோணவே இல்ல.

போளூர்ல ஒரு பாட்டி வீட்டு வாசல்ல உக்காந்து பூண்டுத் தாள் உரிச்சுட்டு இருந்துச்சு, ரெண்டு கண்ணுலயும் புரை, விரலால தடவித் தடவித்தான் உரிக்குது. போன வருஷமும் லிஸ்ட்ல இருந்து கடைசி நேரத்துல வரமாட்டேன்னு சொன்ன பாட்டி. விஷயத்தச் சொன்ன உடனே என் கைய புடிச்சுகிட்டு, "நீ வரலையா சாமி? அப்ப நானும் வரல"ன்னுச்சு. நான் சமாதானம் சொல்ல ஆரம்பிச்சேன், முகாம் நல்லா நடக்கும், டாக்டர் நல்லவருன்னு, அது எதுவும் ஏறல. அக்கா பேசாம பாட்டி பக்கத்துல உக்காந்து ஒரு பூண்ட எடுத்து தானும் உரிக்க ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "எந்தக் கண்ணுல முதல்ல மங்க ஆரம்பிச்சுது?"ன்னு கேட்டாங்க. பாட்டி சொல்லுச்சு. எங்க அம்மாவுக்கும் வலதுதான், பண்ணுன மூணாம் நாளு அரிசியில கல்லு பொறுக்குனாங்கன்னாங்க. அப்புறம் "உங்க ஜீப்ல நானே ஏறி வரேன், கீழ பஸ் ஏத்தற வரைக்கும் கூட இருப்பேன்"னு சொன்னாங்க. பாட்டி என் கைய விட்டுச்சு. நம்பிக்கைய போன் நம்பர் மாதிரி மாத்திக்கொடுக்க முடியாது, புது ஆளே அந்த இடத்துல உக்காந்து சம்பாதிக்கணும், அதுக்கு நேரமும் வாசலும் கொடுக்கறதுதான் விலகறவரோட வேலைன்னு அங்கதான் எனக்குப் புரிஞ்சுது.

கிட்டத்தட்ட விட்டுப்போன விஷயம்

சாயங்காலம் கவுஞ்சியில டீ குடிச்சுட்டு நோட்ட வரி வரியா வாசிச்சு, குறியெல்லாம் வார்த்தையா மாத்தி எழுதுனோம், 31 பேருக்கும் வேற நம்பர் தேடிப் போட்டோம், பக்கத்து வீடு, மளிகைக் கடை, அங்கன்வாடி டீச்சர்னு. எல்லாம் முடிஞ்சுதுன்னு எந்திரிக்கறப்போ அக்கா கேட்டாங்க, "தம்பி, ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்கள மன்னவனூர்ல இருந்து வீட்டுக்கு யாரு கொண்டுபோறது?"

எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. அது என் நோட்டுலயே இல்ல. மூணு வருஷமும் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரி பஸ் வரும்போது நானே என் பிக்கப்பையும் பழக்கமான ஒரு ஜீப்பையும் எடுத்துட்டுப் போய் இறக்கி விட்டுருவேன், யாரும் கேட்டதும் இல்ல, நான் சொன்னதும் இல்ல, அதனால முகாம் வேலையில அது சேர்த்தியே இல்லாம இருந்துச்சு. பஸ் வர ராத்திரி எட்டு ஒன்பது ஆகும். ஒரு கண்ணுல கட்டோ கறுப்புக் கண்ணாடியோ போட்டவங்க, கையில சொட்டு மருந்துப் பை, இருட்டு, குளிரு, ரோட்டுல காட்டுமாடு நிக்கும். வண்டி இல்லன்னா அவங்க அந்த ராத்திரி எங்க போவாங்க. அதே ஜீப்காரங்கள்ல ரெண்டு பேர அக்கா அப்பவே போன் பண்ணி செவ்வாய்க்கும் பேசி, அட்வான்ஸ் பக்கத்துக்குக் கீழயே எழுதிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்தது

முகாம் அன்னைக்கு உறைபனி. காலையில 6.10க்கு ஒரு ஜீப்காரர் பழக்கத்துல எனக்கே அடிச்சிருக்காரு, நான் எடுக்கல, உடனே அக்காவுக்கு அடிச்சிருக்காரு. பேட்டரி இறங்கி வண்டி ஸ்டார்ட் ஆகல. அக்கா பூண்டி ஜீப்ப ரெண்டாவது நடைக்கு கிளாவரைக்குத் திருப்பிவிட்டாங்க, 50 நிமிஷம் லேட். அதுக்குள்ள யாரும் ரோட்டுல நிக்கல, ஏன்னா ஜீப் ஹாரன் கேட்டப்புறம்தான் வெளிய வரணும்னு அக்கா ஊர் ஊரா சொல்லி வெச்சிருந்தாங்க.

74 பேர்ல 67 பேர் வந்தாங்க. 22 பேருக்கு ஆபரேஷன் தேவைன்னு சொன்னாங்க, அதுல 3 பேருக்கு சுகரோ பிரஷரோ ஜாஸ்தியா இருந்ததால மருந்து சாப்பிட்டுட்டு அப்புறம் வரச் சொல்லிட்டாங்க, 19 பேர் பஸ் ஏறுனாங்க. போளூர் பாட்டியும் அதுல ஒருத்தர், அக்கா சொன்ன மாதிரியே பஸ் படி வரைக்கும் கூட வந்திருக்காங்க.

திங்கக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்துச்சு, ஆஸ்பத்திரியில இருந்து. பூண்டி தாத்தா ஒருத்தருக்கு அன்னைக்கு சுகர் ஏறிடுச்சு, ஆபரேஷன தள்ளி வெச்சிருக்கோம், வீட்டுல சொல்லுங்கன்னு. 31 நம்பரையும் மாத்துனோம், ஆனா அவரோட ஆதார் நகலுக்குப் பின்னாடி போன வருஷம் நானே பேனாவால என் நம்பர எழுதியிருந்திருக்கேன், பதிவு பண்ணவங்க அதைப் பார்த்து எழுதிட்டாங்க. உடனே அக்காவுக்குச் சொன்னேன், அவங்க வீட்டுக்குத் தகவல் போயிடுச்சு. நான் அந்நேரம் போன எடுத்தது தற்செயல்தான்.

செவ்வாய் ராத்திரி எட்டரைக்கு பஸ் வந்துச்சு, ஆபரேஷன் ஆன 18 பேரும் அந்த தாத்தாவும். ரெண்டு ஜீப் நின்னுச்சு. பத்தேகாலுக்கு எல்லாரும் வீட்டுலன்னு அக்கா மெசேஜ் போட்டாங்க.

சார் ஒரு மாசம் என்கிட்ட அளவாத்தான் பேசுனாரு. விலகினதுக்கு இல்ல, அந்த மூணு நாளுக்கு. "செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா நான் ரெண்டு பேரா போட்டிருப்பேன், அந்தப் பொண்ணு தனியா அலைஞ்சிருக்க வேண்டாம்"னு ஒரு நாள் நேராவே சொன்னாரு. அது சரியான பேச்சு, நான் மறுத்துப் பேசல.

என்ன மாறணும்

முடியாதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே சொல்லணும், காரணம் முழுசாத் தெளியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. "அப்பாவுக்கு அடிபட்டிருக்கு, நான் வரது சந்தேகம், இப்பவே ஒரு ஆள யோசிச்சு வையுங்க"ங்கற ஒரு வரி போதும், அப்புறம் நான் வந்துட்டா யாருக்கும் நஷ்டம் இல்ல. கடையில, வீட்டுல இருக்கறவங்ககிட்டயும் அதே நேரத்துல என்ன சொல்லணும் என்ன சொல்லக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கணும்.

ஒப்படைக்கற நாள்ல நான் பண்றத எல்லாம் சொன்னேன், ஆனா முகாம் தொடங்கி கடைசி ஆள் வீட்டுக்குள்ள போற வரைக்கும் ஒரு நோயாளி எங்கெங்க போறாருன்னு நடந்து பார்க்கல. அப்படிப் பார்த்திருந்தா செவ்வாய் ராத்திரி தானா வந்திருக்கும். அக்கா கேட்டது அவங்க புத்தி, அடுத்த தடவை அந்த மாதிரி ஒருத்தர் எதிர்ல இருப்பாங்கன்னு நம்ப முடியாது.

நம்பர் விஷயத்துல இன்னொண்ணு, நோட்ட மட்டும் மாத்துனா பத்தாது, அந்தந்த ஆள் கையில இருக்கற காகிதத்தையும் வாங்கிப் பார்க்கணும். இப்ப நோட்டு அக்காகிட்ட இருக்கு, அதுல ஒவ்வொரு பேருக்கும் ரெண்டு நம்பர், ஒவ்வொரு ஜீப்புக்கும் பதில் ஜீப் ஒண்ணு. ஒரு மாசம் கழிச்சு மறுபரிசோதனைக்கு டாக்டர் வந்தப்போ அப்பா வாக்கர புடிச்சு நடக்க ஆரம்பிச்சிருந்தாரு, நானும் மேல வந்திருந்தேன். அக்கா என்னை கிளாவரை நடைக்குப் போட்டாங்க. என் பேருக்குப் பக்கத்துல பதில் ஆளா பூண்டி ஜீப் அண்ணன் பேர எழுதியிருந்தாங்க.